கால்மிதியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்

"சார், பொள்ளாச்சி பக்கம் சின்ன யூனிட் வச்சிருக்கோம். தென்னை நார்த் தொட்டி சொந்தத் தயாரிப்பு. கால்மிதியும் மூங்கில் டூத் பிரஷ்ஷும் வெளியே வாங்கி எங்க பேர்ல விக்கிறோம். எல்லா அட்டையிலயும் '100% இயற்கையானது, சுற்றுச்சூழலுக்கு உகந்தது, முழுக்க மக்கும்'னு போட்டிருந்தோம். ஜெர்மனிக்கு எடுக்கிற ஒருத்தர் இந்த மூணு வாசகமும் வேணாம்னுட்டார். அப்ப என்னதான் எழுதுறது? ஒண்ணும் எழுதாம விட்டா வியாபாரம் நடக்குமா?"

முதலில் அந்தக் கால்மிதி ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் போடுங்கள். அடியில் கறுப்பாக, வழவழப்பாக, ரப்பர் மாதிரி ஒரு படலம் இருக்கிறதா? இருந்தால் அது பெரும்பாலும் ரப்பர் இல்லை, பி.வி.சி. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் நார்க் கால்மிதிகளில் ஏராளமானவை இப்படித்தான் வருகின்றன. நார்க்கயிற்றை நெருக்கமாக நிறுத்தி, இளகிய பி.வி.சி. படலத்தில் ஊன்றி, சூட்டடுப்பில் இறுக வைத்து, மேலே மட்டமாக நறுக்கிவிடுவார்கள். தறியில் நெய்தது போலத் தெரியும், ஆனால் நெசவே கிடையாது. நாரைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் பிளாஸ்டிக்தான்.

ஆக, உங்கள் அட்டையின் மூன்று வாசகமும் இந்த ஒரு பொருளிலேயே விழுந்துவிடுகின்றன. தொட்டிக்கு வேறு கதை, பிரஷ்ஷுக்கு வேறு கதை. மூன்று பொருளுக்கும் ஒரே வாசகத்தை அச்சடித்ததில்தான் சிக்கல் தொடங்கியிருக்கிறது. கால்மிதியிலிருந்தே போவோம், அதில்தான் வேலை அதிகம்.

அடிப்பக்கம் எதனால் ஆனது என்று சப்ளையரைக் கேட்டால் "ரப்பர் பேக்கிங்" என்பார். ஏமாற்றுவதற்காக என்று சொல்ல மாட்டேன், தொழிலில் அப்படித்தான் வாய்வழக்கு. நீங்களே பார்த்துவிடலாம். செம்புக் கம்பி ஒரு துண்டு எடுத்து, இடுக்கியில் பிடித்து, கேஸ் அடுப்புச் சுடரில் நன்றாகப் பழுக்கக் காய்ச்சுங்கள். முதலில் கம்பியிலேயே கொஞ்சம் பச்சை நிறம் தெரிந்தால் அது மறையும்வரை காய்ச்ச வேண்டும். பிறகு அந்தச் சூட்டோடு அடிப்படலத்தில் லேசாக ஒற்றி எடுங்கள், கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். மறுபடி சுடரில் காட்டினால், குளோரின் இருக்கும் பொருளாக இருந்தால் சுடர் பளிச்சென்று பச்சையாகும். பி.வி.சி.யில் குளோரின் உண்டு, சாதாரண ரப்பர் பாலில் கிடையாது. வெட்டவெளியில், சின்னத் துண்டில், புகையை முகர்ந்துவிடாமல் செய்யுங்கள். அந்தப் புகை நல்லதில்லை. இது ஆய்வகச் சான்றிதழுக்கு ஈடாகாது. ஆனால் சப்ளையரிடம் "எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்கும் தைரியம் உங்களுக்கு வந்துவிடும்.

அடுத்தது அளவு. "தென்னை நார்க் கால்மிதி" என்று போடுகிறோமே, அதில் நார் எவ்வளவு? கால்மிதியிலிருந்து 10-க்கு 10 செ.மீ. துண்டு ஒன்றைக் கத்தியால் அறுத்து, நகைக் கடைத் தராசு மாதிரி கிராம் காட்டும் தராசில் நிறுத்துங்கள். 66 கிராம் வந்ததாக வைத்துக்கொள்வோம். மேலே நிற்கும் நாரை அடியொட்ட நறுக்கித் தனியாக நிறுத்தால் 27 கிராம். மீதி 39 கிராம். அது முழுவதும் பி.வி.சி. என்று எழுதிவிடக் கூடாது, நாரின் வேர்ப்பகுதி அதற்குள் புதைந்து கிடக்கிறது. அதைப் பிரித்தெடுக்க வீட்டில் வழியில்லை. இந்த இடத்தில் சப்ளையரின் உற்பத்திக் கணக்கு தேவைப்படும்: சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ நார், எத்தனை கிலோ பி.வி.சி. கலவை என்று. 3.2 கிலோ நாரும் 3.4 கிலோ கலவையும் என்று எழுதிக் கொடுக்கிறார் என்று வையுங்கள். மொத்தம் 6.6 கிலோ, உங்கள் துண்டின் 66 கிராமோடு ஒத்துப்போகிறது. 27 கிராம் மேலே, 5 கிராம் உள்ளே புதைந்தது என்றால் நார் 32 கிராம். கணக்கு நிற்கிறது. அவர் 5 கிலோ நார், 1.6 கிலோ கலவை என்று எழுதிக் கொடுத்திருந்தால், மேலே 27 கிராம் போக 23 கிராம் நார் அந்த மெல்லிய படலத்துக்குள் இருக்க வேண்டும். அது நடக்காது. அப்போது திருப்பிக் கேட்கலாம்.

இந்த உதாரணக் கணக்கின்படி 40-க்கு 60 செ.மீ. கால்மிதி ஒன்றின் எடை ஏறக்குறைய 1.6 கிலோ. அதில் 800 கிராமுக்குச் சற்று மேல் பிளாஸ்டிக் கலவை. அதன்மேல் "100% இயற்கையானது" என்று இலை படத்தோடு ஒட்டியிருந்தோம் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஜெர்மன்காரர் மேல் கோபம் வராது.

சரி, எழுதுவோம்:

> மேல்பகுதி: தென்னை நார் (எடையில் ஏறக்குறைய பாதி).
> அடிப்பகுதி: பி.வி.சி. பிளாஸ்டிக். வழுக்காமல் இருக்கவும் நார் உதிராமல் இருக்கவும்.
> அடிப்பகுதி மக்காது. நாரையும் அடிப்பகுதியையும் வீட்டில் பிரிக்க முடியாது. தேய்ந்தபின் மக்காத குப்பையில் போடவும்.

படிக்கக் கொஞ்சம் வறட்சியாக இருக்கும், தெரியும். ஆனால் எந்தப் பகுதி, எவ்வளவு, எதற்காக, கடைசியில் எங்கே போக வேண்டும் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. "உகந்தது" என்ற சொல் இந்த நான்கில் ஒன்றையும் சொல்லவில்லை.

மூன்றாவது வரி தமிழில் ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். நம் ஊரில் "மக்கும்" என்பது வெறும் வருணனைச் சொல் இல்லை. குப்பைத் தொட்டியிலேயே எழுதியிருக்கிற சொல். பச்சைத் தொட்டி "மக்கும் குப்பை", நீலத் தொட்டி "மக்காத குப்பை" என்று பத்து வருடமாக மாநகராட்சி நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. உங்கள் அட்டையில் "மக்கும்" என்று படித்தவர், கால்மிதி தேய்ந்ததும் அதைப் பச்சைத் தொட்டியில்தான் போடுவார். அது உரக் கிடங்குக்குப் போகும். அங்கே யாரோ ஒருவர் கையை விட்டு அந்தப் பி.வி.சி. பாளத்தை வெளியே எடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது இது ஒரு விளம்பர வார்த்தை, தமிழில் எழுதும்போது ஒரு கட்டளை. இந்த வித்தியாசத்தை அட்டை வாசகம் எழுதும் நாங்களே ரொம்ப நாள் யோசிக்கவில்லை.

இலக்கணமாகப் பார்த்தாலும் வேடிக்கைதான். "மக்கும்" என்பதில் உள்ள "உம்" எப்போதாவது நடக்கும் என்கிறது, எப்போது என்று சொல்வதில்லை. தென்னை நாரைப் பொறுத்தவரை அந்த "எப்போது"தான் முழு விஷயமும். நாரில் லிக்னின் என்ற, எளிதில் அழுகாத மரப்பொருள் அதிகம், ஏறக்குறைய 40 சதவீதம். இயற்கை நார்களில் இவ்வளவு மெதுவாக அழுகுவது குறைவு. ஆற்றங்கரை, சாலைச் சரிவுகளில் மண் அரிக்காமல் நார் வலை விரிக்கிறார்களே, அதற்குத் தென்னை நாரைத் தேர்ந்தெடுக்கக் காரணமே அது சணல் மாதிரி சட்டென்று அழுகிவிடாது, புல் வேர்பிடிக்கும்வரை இரண்டு மூன்று வருடமாவது தாங்கும் என்பதுதான். அதே நாரைத் தொட்டியாக விற்கும்போது மட்டும் "சீக்கிரம் மக்கிவிடும்" என்று சொல்ல முடியாது அல்லவா.

உங்கள் சொந்தத் தயாரிப்பான தொட்டிக்கு வருவோம். இதில் பி.வி.சி. இல்லை. நார்ப்பாயில் இயற்கை ரப்பர் பால் தெளித்து, அச்சில் வைத்துச் சூட்டில் அழுத்துகிறீர்கள். எனவே "தென்னை நாரும் இயற்கை ரப்பர் பாலும்" என்று தாராளமாக எழுதலாம், அது உண்மை. "ரசாயனமற்றது" என்று எழுத முடியாது. ரப்பர் பால் கெடாமல் இருக்க அம்மோனியா சேர்க்கிறார்கள், இறுகுவதற்குக் கந்தகமும் துத்தநாக ஆக்சைடும் சேர்கின்றன. இதெல்லாம் பயப்பட வேண்டிய சமாசாரம் என்று சொல்லவில்லை. அட்டையில் "ரசாயனமற்றது" என்று இருக்கும்போது உங்கள் கிடங்கில் கந்தக மூட்டை இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த வார்த்தையை எடுத்துவிட்டால் எதையும் மறைக்க வேண்டியதில்லை.

"பிளாஸ்டிக் இல்லாதது" என்று எழுதும் ஆசை வரும். தொட்டிக்கு எழுதலாம், ஆனால் முழுசாகச் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் செடிக்கொடி படரும் நார்க்கம்பம் ஒன்றுக்கு நான்தான் வாசகம் எழுதிக் கொடுத்தேன். மணி பிளாண்ட் படர விடுகிறார்களே, அந்தக் கம்பம். உள்ளே மரக்கட்டைதான், பி.வி.சி. குழாய் இல்லை என்று உடைத்தே பார்த்திருந்தேன். அதனால் தைரியமாக "பிளாஸ்டிக் இல்லாதது, மண்ணோடு மக்கும்" என்று போட்டேன். ஒரு வருடம் கழித்து ஒரு அம்மா படம் அனுப்பினார். கம்பத்தைத் தோட்டத்தில் புதைத்திருக்கிறார். நார் அப்படியே இருந்தது. கட்டை பாதி அழுகியிருந்தது. நடுவே பளபளவென்று ஒரு நூல் சிக்கல், கோழிக்கூடு மாதிரி. நாரைக் கட்டையோடு சுற்றிக் கட்டப் பயன்படுத்திய நைலான் நூல். "இது என்னங்க?" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். நான் பார்க்காமல் விட்ட ஒரே பகுதி அதுதான். அதற்குப் பிறகு எந்தப் பொருளுக்கு வாசகம் எழுதினாலும் அதை முதலில் மேசை மேல் வைத்துப் பிரித்துப் போடுகிறேன்: நூல், பசை, ஆணி, மூடி, சாயம், மேல் உறை, அதில் ஒட்டிய ஸ்டிக்கர்வரை. உங்கள் தொட்டிகள் பத்தைச் சேர்த்துச் சுற்றும் அந்தப் பளபளப்பு உறையும் கணக்கில் வரும். தொட்டி பிளாஸ்டிக் இல்லாதது, உறை பிளாஸ்டிக் என்றால் இரண்டையும் தனித்தனியே சொல்லிவிடுங்கள்.

மக்கும் காலத்தை எழுத வேண்டுமென்றால் ஊகிக்காதீர்கள், புதைத்துப் பாருங்கள். ஒரே அச்சில் வந்த எட்டுத் தொட்டிகளை எடுத்து, வெயிலில் எடை மாறாமல் நிற்கும்வரை காயவைத்து, நிறுத்து, எண் போட்டு, உங்கள் தோட்டத்திலேயே 15 செ.மீ. ஆழத்தில் புதையுங்கள். எண்ணைத் தகரத் துண்டில் பொறித்துப் பக்கத்தில் நட்டுவிடுங்கள், காகிதச் சீட்டு தொட்டிக்கு முன்னால் மக்கிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டைத் தோண்டி, மண்ணைக் கழுவி, மறுபடி அதேபோல் காயவைத்து, நிறுத்துப் படம் எடுங்கள். ஒரு வருடத்தில் உங்களிடம் நான்கு அளவீடு இருக்கும். அப்போது இப்படி எழுதலாம்:

> தென்னை நார், இயற்கை ரப்பர் பால். தொட்டியில் பிளாஸ்டிக் இல்லை.
> செடியைத் தொட்டியோடு நடலாம், வேர் தொட்டியைத் துளைத்து வெளியே வரும்.
> தொட்டி மெதுவாகத்தான் மக்கும். எங்கள் தோட்டத்துச் செம்மண்ணில், பாசனத்தோடு, 12 மாதத்தில் எடை ___ சதவீதம் குறைந்தது.

அந்தக் கோட்டை நிரப்புவது உங்கள் தராசு. 20 வந்தால் 20 என்று போடுங்கள். சிறிய எண்ணாக இருக்கிறதே என்று வருத்தம் வேண்டாம். செடி வாங்குபவருக்கு உண்மையில் வேண்டியது இரண்டாவது வரி: தொட்டியைக் கழற்றாமல் நடலாமா? அதற்கு ஆம் என்ற பதில் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: உங்கள் தோட்டத்துக் கணக்கை ஜெர்மனி அட்டையில் போடாதீர்கள். அங்கே குளிர்காலத்தில் மண் உறைந்துபோகிற நாட்களில் நுண்ணுயிர்கள் ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்துவிடும். அங்கே போகும் அட்டையில் கால அளவை எடுத்துவிட்டு "மெதுவாக மக்கும், பல வருடம் ஆகலாம்" என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதே குழப்பம் நார்க்கழிவுக் கட்டிகளிலும் உண்டு. நீங்கள் விற்கவில்லை என்றாலும் பக்கத்து யூனிட்டுக்குச் சொல்லுங்கள். "இயற்கை உரம்" என்று அதன்மேல் எழுதுகிறார்கள். அது உரமில்லை, வேருக்கு ஈரம் தாங்கிக் கொடுக்கும் ஊடகம். அதை உரமாக்க வேண்டும் என்றால் கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறைப்படி ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காத்து மட்க வைக்க வேண்டியிருக்கிறது. அப்படிச் செய்யாத கட்டியை உரம் என்று நம்பி வெண்டை போட்டவர் செடி மஞ்சளாகி நிற்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்.

இனி சட்டம். ரொம்ப நீட்ட மாட்டேன். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் பசுமைப் பொய்ப்பூச்சைத் தடுக்க வழிகாட்டுதல் வெளியிட்டது. "பசுமை", "சூழலுக்கு உகந்த", "இயற்கையான", "தூய" மாதிரியான பொதுச் சொற்களைத் தகுந்த விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் போடக் கூடாது என்கிறது அது. "மக்கும்", "பிளாஸ்டிக் இல்லாத", "100% இயற்கை", "நச்சற்ற" போன்ற குறிப்பான சொற்களுக்குச் சான்றோ நம்பகமான ஆதாரமோ வேண்டும். சரிபார்க்கக்கூடிய சொந்தப் பதிவும் ஆதாரக் கணக்கில் வரும் என்பதால்தான் தொட்டியைப் புதைக்கச் சொன்னேன். சொல்வது பொருளைப் பற்றியா, அதன் ஒரு பகுதியைப் பற்றியா, உறையைப் பற்றியா, தயாரிப்பு முறையைப் பற்றியா என்றும் தெளிவாக இருக்க வேண்டும். தவறான விளம்பரம் என்று முடிவானால் 2019-ஆம் வருட நுகர்வோர் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம்வரை.

ஜெர்மன்காரர் பதறியதற்குக் காரணம் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 என்ற உத்தரவு. அது 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்குரியது. இரண்டு நாட்டு விதிகளுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு, அட்டை அச்சடிப்பவர் கவனிக்க வேண்டியது. இந்திய வழிகாட்டுதலில் விளக்கத்தை க்யூஆர் குறி வழியாகவோ இணைப்பு வழியாகவோ கொடுக்க இடமிருக்கிறது. ஐரோப்பாவில் "சூழலுக்கு உகந்தது" மாதிரி ஒரு பொதுச் சொல்லைப் போட்டால், அதன் விளக்கம் அதே இடத்தில், அதே அட்டையில், கண்ணில் படும்படி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பொதுச் சொல்லாகவே கொள்ளப்படும். அங்கே "மக்கும்" என்பதும் பொதுச் சொற்களின் உதாரணப் பட்டியலில் இருக்கிறது. பொருளின் ஒரு பகுதிக்கு மட்டும் உண்மையானதை முழுப்பொருளுக்கும் சொல்வதும் அங்கே தடை. உங்கள் கால்மிதி இந்த இரண்டிலும் சிக்குகிறது.

இன்னொன்று: உங்கள் அட்டையின் மூலையில் வட்டமாக, இலைகள் சூழ, "சூழல் நேசன்" என்று முத்திரை மாதிரி ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன். டிசைனர்கள் இலவச இணைப்பாகக் கொடுப்பார்கள். சான்றிதழ்த் திட்டம் எதுவும் பின்னால் இல்லாத அந்த மாதிரி முத்திரைக்கும் ஐரோப்பாவில் இடமில்லை. இங்கேயும் பார்ப்பவர் ஏதோ அரசு முத்திரை என்று நினைத்துக்கொள்வார். வெறும் இலைப் படம், தென்னை மரப் படம் பரவாயில்லை. முத்திரை வடிவத்தை எடுத்துவிடுங்கள்.

மூங்கில் பிரஷ் சுலபம். கைப்பிடி மூங்கில், இழைகள் பெரும்பாலும் நைலான்-6. ஒரு இழையைப் பிடுங்கித் தீயில் காட்டுங்கள். உருகி உருண்டையாகி இறுகினால் நைலான் மாதிரியான பிளாஸ்டிக், தலைமயிர் கருகும் வாசனையோடு பொடியானால் பன்றி முடி. பிந்தையது என்றால் அதைச் சொல்லாமல் விற்பது இன்னொரு வகையில் வம்பு, நம் ஊரில் பலர் அதை வாயில் வைக்க மாட்டார்கள். "கரி இழை" என்று கறுப்பாக வருவதும் கரித்தூள் கலந்த நைலானாகவே இருக்கும், தீயில் அதுவும் உருகும். இழைக் கொத்தைக் கைப்பிடியில் பிடித்து வைத்திருப்பது ஒரு சின்ன உலோகத் தகடு. எனவே:

> கைப்பிடி: மூங்கில். இழைகள்: நைலான்-6. இழைகளைப் பிடிப்பது உலோகம்.
> தூக்கிப் போடும் முன் இழைகளைக் குறடால் பிடுங்கி மக்காத குப்பையில் போடவும். கைப்பிடியை மட்டும் மக்கும் குப்பையில் சேர்க்கலாம்.

கைப்பிடியில் வார்னிஷ் பூசியிருந்தால் கடைசி வாக்கியத்தை எடுத்துவிட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே ஊறாமல் முத்தாக நின்றால் ஏதோ பூச்சு இருக்கிறது, மெழுகா வார்னிஷா என்று சப்ளையரைக் கேளுங்கள்.

"மூங்கில் ஒரே நாளில் இத்தனை அடி வளரும்" என்று பிரஷ் அட்டையில் எழுதுவதையும் விட்டுவிடலாம். சில இனங்கள் நன்றாக மழை கிடைக்கும் இடத்தில் அப்படி வளர்வது உண்மைதான். உங்கள் பிரஷ் எந்த இனம், எந்த ஊர்த் தோட்டம் என்று உங்களுக்கே தெரியாதபோது அது தாவரவியல் செய்தியாகத்தான் நிற்கும், உங்கள் பொருளைப் பற்றி எதுவும் சொல்லாது. மூங்கில் என்ற பெயரை நம்பி மாட்டிக்கொண்டவர்கள் பெரிய ஆட்கள். மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழையாக்கினால் கிடைப்பது ரேயான். அதை "மூங்கில் துணி" என்று விற்றதற்காக 2022-இல் வால்மார்ட், கோல்ஸ் என்ற இரு அமெரிக்க நிறுவனங்கள் சேர்ந்து 55 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. அதுபோல மூங்கில் பொடியை மெலமைன் பிசினில் குழைத்து வார்த்த டம்ளர்களும் "மூங்கில் கப்" என்று வந்தன. உணவு தொடும் பிளாஸ்டிக்கில் மூங்கில் பொடி கலக்க ஐரோப்பாவில் அனுமதி இல்லை என்று 2021-இல் அவற்றைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். நாளைக்கு யாராவது "மூங்கில் கப் சேர்த்து விற்கலாமே" என்று வந்தால், அது விரிசல் விடுகிறதா, நார் தெரிகிறதா, அல்லது பீங்கான் மாதிரி வழவழவென்று அச்சில் வார்த்ததா என்று பாருங்கள். மூங்கிலைக் கப் வடிவில் வார்க்க முடியாது, நறுக்கத்தான் முடியும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, வியாபாரம் நடக்குமா என்பது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மொட்டை அட்டை ஒட்டச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்ல உண்மையாகவே இருப்பதை இத்தனை நாள் அந்த மூன்று வாசகமும் மறைத்துக்கொண்டிருந்தன. நார் எங்கிருந்து வருகிறது? "ஆனைமலை, பொள்ளாச்சி வட்டாரத் தேங்காய் மட்டையிலிருந்து" என்று எழுத முடியும், கொள்முதல் பில் இருக்கும். அதில் ஒரு சொல்லை மட்டும் தள்ளி வையுங்கள்: "கழிவிலிருந்து மீட்டது". ஒரு காலத்தில் மட்டையை எரித்தார்கள், குழியில் தள்ளினார்கள். இன்றைக்கு லோடு கணக்கில் பேரம் பேசி வாங்குகிறீர்கள். காசு கொடுத்து வாங்குவதைக் கழிவு என்றால் வாங்குபவர் ஒரு நாள் பில்லைக் கேட்பார். "தேங்காய் எடுத்தபின் மிஞ்சும் மட்டையிலிருந்து" போதும்.

கால்மிதி எத்தனை நாள் உழைக்கிறது என்பதும் சூழல் சம்பந்தப்பட்ட விஷயம்தான், யாரும் எழுதுவதில்லை. ஐந்து மழைக்காலம் தாங்கும் பி.வி.சி. அடிப்பக்கக் கால்மிதி, ஒரே வருடத்தில் பிரிந்து உதிரும் "சுத்த நார்" கால்மிதியைவிட மோசம் என்று நான் சொல்லத் துணிய மாட்டேன். உங்கள் வாசலிலேயே நான்கைந்தைப் போட்டு வாங்கிய தேதியைக் குறித்து வையுங்கள். நனைந்தால் எப்படிக் காயவைப்பது, எப்படித் தட்டுவது என்று இரண்டு வரி அட்டையில் கொடுங்கள். பிளாஸ்டிக்கே வேண்டாம் என்று கேட்கும் வாடிக்கையாளருக்காக ஆலப்புழைப் பக்கம் தறியில் நெய்து ஓரம் தைக்கும் கயிற்றுக் கால்மிதி வாங்கி வையுங்கள். விலை கூடும், தரையில் கொஞ்சம் நகரும். அதையும் அட்டையில் சொல்லிவிட்டு, பக்கத்தில் பி.வி.சி. கால்மிதியை அதன் உண்மையான வரிகளோடு வையுங்கள். தேர்ந்தெடுக்கிற வேலையை வாங்குபவர் பார்த்துக்கொள்வார்.

"பிளாஸ்டிக் தொட்டியைவிட இத்தனை சதவீதம் கார்பன் குறைவு" என்று எங்கேயாவது கேட்லாகில் பார்த்து எடுத்துப் போட்டிருந்தால் இன்றைக்கே அடித்துவிடுங்கள். எந்தத் தொட்டியோடு ஒப்பிட்டார்கள், எங்கே செய்தது, லாரி டீசல் சேர்ந்ததா என்று கேட்டால் பதில் சொல்லப்போவது உங்கள் பெயர் போட்ட அட்டை.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கோப்பு போடுங்கள். அட்டையின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு தாள்: சப்ளையர் கையெழுத்திட்ட பொருள் விவரம், தராசுப் படம், புதைத்த தொட்டியின் படங்கள், மட்டை வாங்கிய பில். தாள் இல்லாத வரி அட்டையில் இருக்கக் கூடாது. இதில் கவிழ்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்: சப்ளையர் சொல்லாமல் பொருளை மாற்றுவது. கால்மிதி அடிப்பக்கம் திடீரென்று மெல்லிசாகும், பிரஷ் இழை நிறம் மாறும். லோடு வரும்போதெல்லாம் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து, மாதத்துக்கு ஒருமுறை 10 செ.மீ. துண்டு அறுத்து நிறுத்து, தேதியோடு அந்தக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். 66 கிராம் இருந்தது 58 ஆனால் அட்டையை நிறுத்திவிட்டுச் சப்ளையருக்குப் போன் போடுங்கள்.